நெல் காய்ந்த கணக்கில் 4 லட்சம்: கொள்கை மாற்றமா, மதிப்பீட்டு மாற்றமா, பழைய பிழையா?

டெல்டாவில் அரிசி ஆலை நடத்துபவர்களுக்கு மார்ச் 31 ரொம்ப மோசமான தேதி. சம்பாவும் தாளடியும் தை, மாசியில் அறுவடையாகி, மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் பக்கத்து ஆலைகளில் சைலோவும் கிடங்கும் நிரம்பி வழிகிற நேரத்தில்தான் நிதியாண்டு முடிகிறது. அன்றைக்கு பேலன்ஸ் ஷீட்டில் இருக்கிற பெரிய தொகைகளில் ஒன்று நெல் இருப்பு. அந்த நெல்லை யாராலும் அன்றைக்கு எடை போட முடியாது. சைலோவுக்குள் கிடப்பதை இறக்கி எடைமேடையில் ஏற்றி மறுபடி உள்ளே கொட்டுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதனால் வாங்கிய எடை, உலர்த்தியதில் போன எடை, அரைத்த எடை என்று கணக்குப் போட்டுத்தான் இருப்பைச் சொல்கிறார்கள்.

சில மாதம் கழித்து சைலோ காலியாகும்போது, கணக்கு சொன்ன எடைக்கும் கையில் வந்த எடைக்கும் வித்தியாசம் வரும். கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. அந்த வித்தியாசத்தை இந்த வருஷக் கணக்கில் சாதாரணச் செலவாக எழுதிவிடலாமா, போன வருஷத்துப் பிழை என்று தனியாகக் காட்ட வேண்டுமா, இல்லை கணக்கு முறையையே மாற்றிவிட்டோம் என்று சொல்லலாமா? தொகை ஒன்றுதான், ஆனால் அது போய் உட்காரும் இடம் மூன்று. எந்த இடம் என்பதைப் பொறுத்து போன வருஷ லாபமும் இந்த வருஷ லாபமும் மாறிவிடும்.

ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட ஆலை, எண்களும் அப்படித்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, புழுங்கல் அரிசி அரைக்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து மார்ச் வரை 3,000 டன் நெல் வாங்கினார்கள், டன் 24,000 ரூபாய், மொத்தம் 7 கோடியே 20 லட்சம். பனியும் தூறலும் இருந்த பருவம், நெல் வந்தபோது ஈரப்பதம் 20 சதவீதம். அரசு நேரடி கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு, அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மாநில அரசு மத்திய அரசிடம் தளர்வு கேட்கும், அந்த அளவுக்கு இங்கே ஈரநெல் சாதாரண விஷயம். ஆலையில் டிரையரில் போட்டு 14 சதவீதத்துக்குக் காயவைத்து சைலோவில் ஏற்றினார்கள். மார்ச் 31க்குள் 1,500 டன்னை ஊறவைக்கும் முன் ஹாப்பர் தராசில் எடை பார்த்து அரைத்துவிட்டார்கள். மிச்சம் எவ்வளவு?

கணக்குப்பிள்ளை போட்ட கணக்கு இது. 20லிருந்து 14 ஆனது, ஆக 6 சதவீதம் எடை போயிருக்கும். 3,000 டன்னில் 180 டன் கழித்தால் 2,820. அரைத்தது 1,500 போக மிச்சம் 1,320 டன். 7 கோடியே 20 லட்சத்தை 2,820ஆல் வகுத்தால் டன்னுக்கு சுமார் 25,532 ரூபாய், ஆக இருப்பின் மதிப்பு 3 கோடியே 37 லட்சத்து 2 ஆயிரம்.

பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் தப்பு. ஈரப்பதம் என்பது அந்தந்த நேரத்து மொத்த எடையில் தண்ணீர் எத்தனை பங்கு என்ற கணக்கு. காயக்காய மொத்த எடையே குறைகிறது, அதனால் இரண்டு சதவீதங்களை நேராகக் கழிக்க முடியாது. மாறாமல் இருப்பது தண்ணீர் போக மிச்சமுள்ள உலர் பொருள் மட்டும். 100 கிலோ ஈரநெல்லில் அது 80 கிலோ. காய்ந்த பிறகு அதே 80 கிலோ மொத்த எடையில் 86 சதவீதம், ஆக மொத்த எடை 80ஐ 0.86ஆல் வகுத்தால் வருவது, அதாவது 93.02 கிலோ. போனது 6 அல்ல, ஏறக்குறைய 7. 3,000 டன்னுக்கு இதைப் போட்டால் காய்ந்த நெல் 2,790.7 டன், அரைத்தது போக மிச்சம் 1,290.7 டன். டன் அடக்க விலை 25,800 ரூபாய், இருப்பு மதிப்பு 3 கோடியே 33 லட்சம்.

எடையில் 29 டன் குறைகிறது, பணத்தில் 4 லட்சத்து 2 ஆயிரம்தான் குறைகிறது. 29 டன்னை 25,800ஆல் பெருக்கினால் ஏழரை லட்சம் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. காய்வதில் போகிற எடை வழக்கமான இழப்பு, அதன் செலவை மிச்சமிருக்கிற நெல்தான் சுமக்க வேண்டும், அதனால் எடை குறையும்போது டன்னுக்கான அடக்க விலை ஏறுகிறது. இரண்டும் சேர்ந்துதான் 4.02 லட்சம்.

இது எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரித் தப்புகள் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் தெரிவதில்லை, ஆலைக்குள்தான் தெரிகின்றன. 2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி இயக்குநர்கள் கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நவம்பரில் சைலோ காலியானது. காலியாகிவிட்டதே என்று 1,320 டன்னும் அரைபட்டதாக எழுதினார்கள். அரிசி வந்தது 877.7 டன். 1,320க்கு 877.7 என்றால் அவுட்டர்ன் 66.5 சதவீதம். அந்த ஆலையில் வழக்கமாக 68 வரும், அரசுக்கு அரைத்துக் கொடுக்கிற புழுங்கலுக்கும் 68தான் அளவு. முதலாளி மெஷின் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டார், ஒன்றரை சதவீதம் அரிசி எங்கே போச்சு என்று. ஆபரேட்டர் ஹாப்பர் தராசு பதிவைக் காட்டினார்: உள்ளே போனதே 1,291 டன்தான். 877.7ஐ அதால் வகுத்தால் சரியாக 68. அரிசி எங்கும் போகவில்லை. இல்லாத நெல் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

இப்போது முதலாளி ஆடிட்டரிடம் சொல்வது எளிதில் ஊகிக்கக் கூடியது. "சார், காய்ச்சல்ல எவ்வளவு போகும்ங்கறதே ஒரு கணிப்புதானே. கணிப்பு மாறிடுச்சு, இந்த வருஷ நெல் செலவுல சேர்த்துட்டுப் போயிடலாமே?" அப்புறம் இன்னொரு வழியையும் சொல்வார்: "இனிமே மீட்டர் வச்சு சரியான ஃபார்முலா போடுறோம், அப்ப முறையைத்தானே மாத்துறோம், பாலிசி மாத்தினதா எழுதிக்கலாம்ல?"

இரண்டாவது வழியை முதலில் முடித்துவிடலாம், அது சுருக்கம். கணக்கியல் கொள்கை என்பது ஒரு விஷயத்தை எந்த அடிப்படையில் அளப்பது என்ற தேர்வு. நெல் இருப்பை முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மதிப்பிடுவதா, எடையிட்ட சராசரியிலா என்பது கொள்கை. ஒரே சைலோவில் குறுவையில் மிஞ்சியதும் சம்பாவும் கலந்து கிடக்கிறபோது சராசரிதான் நிஜத்துக்குப் பொருந்தும் என்று ஒரு ஆலை முறையை மாற்றினால் அது கொள்கை மாற்றம். அதற்குக் காரணம் வேண்டும்: சட்டமோ தரநிலையோ கேட்டிருக்க வேண்டும், அல்லது புது முறை நிலைமையை இன்னும் பொருத்தமாகக் காட்ட வேண்டும். லாபம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பது காரணமாகாது. பழைய முறையும் ஏற்கத்தக்க முறையாக இருந்திருக்க வேண்டும் என்பது இதில் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. 20லிருந்து 14ஐக் கழித்து 6 என்று எழுதுவது எந்தத் தரநிலையும் ஏற்கிற முறை அல்ல. தப்பான முறையிலிருந்து சரியான முறைக்கு வருவதற்குக் கொள்கை மாற்றம் என்று பெயர் வைக்க முடியாது, அது பிழைத் திருத்தம்.

புதிதாக ஒரு தொழில் தொடங்கி அதற்கு ஒரு முறை வகுப்பதும் கொள்கை மாற்றம் இல்லை. இத்தனை நாள் சொந்த நெல்லை மட்டும் அரைத்த ஆலை, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்குக் கூலிக்கு அரைக்கத் தொடங்கினால், அந்த நெல் ஆலையின் இருப்பில் சேராது, அரவைக் கூலிதான் வருமானம். முதல் முறையாக அப்படி எழுதுவதில் மாற்றம் என்று எதுவும் நடக்கவில்லை.

முதல் வழிக்கு வருவோம், கணிப்பு மாறிவிட்டது என்கிற வாதத்துக்கு. இதில் நிஜமாகவே ஒரு நியாயம் இருப்பதுபோலத் தெரிவதால்தான் நிறைய பேர் இதில் விழுகிறார்கள். மதிப்பீடு என்றால் நேராக அளக்க முடியாத ஒன்றுக்கு, கையில் இருக்கிற தகவலை வைத்துச் சொல்கிற தொகை. புதுத் தகவல் வரும்போது அது மாறும், மாறுவதில் குற்றம் இல்லை. அப்படி மாறினால் பழைய வருஷத்தைத் தொடாமல் மாறிய காலத்திலிருந்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரையரையே பாருங்கள். 2020 ஏப்ரலில் 45 லட்சத்துக்கு வாங்கினார்கள், ஆயுள் 15 வருஷம் என்று வைத்து வருஷம் 3 லட்சம் தேய்மானம் எழுதினார்கள், கடைசியில் மிஞ்சும் விலையை எளிமைக்காக விட்டுவிடுவோம். ஐந்து வருஷத்தில் 15 லட்சம் போய் 30 லட்சம் நிற்கிறது. உமி அடுப்புச் சூட்டிலும் புகையிலும் தகடு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அரிக்கிறது, இன்னும் ஐந்து வருஷம்தான் ஓடும் என்று இன்ஜினியர் 2025 ஏப்ரலில் பார்த்துச் சொல்கிறார். 30 லட்சத்தை ஐந்தால் வகுத்து இனி வருஷம் 6 லட்சம். போன ஐந்து வருஷத்துக்கு 4.5 லட்சம் வீதம் போட்டிருக்க வேண்டுமே என்று திரும்பிப் போகக் கூடாது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து 15 என்றார்கள், கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருஷம்தான் சொல்கிறது. தேய்மான முறையையே நேர்கோட்டிலிருந்து குறையும் மதிப்புக்கு மாற்றினாலும் இன்றைக்கு அது மதிப்பீட்டு மாற்றம்தான். 2016க்கு முன்பு நம் பழைய தரநிலையில் அது கொள்கை மாற்றமாக இருந்து முன்தேதியிட்டுக் கணக்குப் போட வேண்டியிருந்தது, பழைய புத்தகத்தில் படித்தவர்கள் சிலர் இன்னும் அந்த நினைவிலேயே இருக்கிறார்கள்.

ஆக டிரையர் ஆயுளில் தப்பான கணிப்பு மதிப்பீட்டு மாற்றம், நெல் காய்ச்சலில் தப்பான கணிப்பு பிழை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கணக்கை ஒப்புக்கொண்ட நாளில் சரியான எண்ணைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் கையில் இருந்ததா, அல்லது நியாயமான முயற்சியில் கிடைத்திருக்குமா என்பதுதான் வித்தியாசம். இருந்தும் பயன்படுத்தவில்லை, அல்லது தப்பாகப் பயன்படுத்திவிட்டோம் என்றால் அது முந்தைய காலப் பிழை. கூட்டல் கழித்தல் தப்பு, கொள்கையைத் தப்பாகப் போட்டது, உண்மையைக் கவனிக்காமல் விட்டது அல்லது தப்பாகப் புரிந்துகொண்டது, மோசடி, எல்லாமே இதில் அடங்கும். தகவல் அன்றைக்கு உலகத்திலேயே இல்லை, பிறகுதான் வந்தது என்றால் அது மதிப்பீட்டு மாற்றம். நம் ஆலையில் 2025 ஆகஸ்ட் 20 அன்று என்னென்ன இருந்தன? லாரி லாரியாக வந்த நெல்லின் ஈரப்பதப் பதிவேடு இருந்தது, 20 என்று. டிரையர் பதிவேட்டில் 14 என்று இருந்தது. எடைமேடை ரசீது இருந்தது. அரைத்த எடை இருந்தது. இந்த நாலு தாளை வைத்து 1,290.7 டன் என்று யாராலும் அன்றைக்கே சொல்லியிருக்க முடியும். நவம்பரில் சைலோ காலியானது புதுத் தகவல் எதையும் தரவில்லை, ஏற்கெனவே தாளில் இருந்ததைக் கண்ணுக்குக் காட்டியது, அவ்வளவுதான். எனவே 4.02 லட்சம் பிழை.

முறையை மாற்றினோம், அதனால் மதிப்பீட்டு மாற்றம் என்ற வாதத்தையும் தரநிலையே மூடிவிட்டது. சர்வதேசத் தரநிலை ஐஏஎஸ் 8இல் 2021இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதலும், அதையொட்டி நம் இண்ட் ஏஎஸ் 8இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதலும் அமலில் இருக்கின்றன. மதிப்பீட்டுக்கான உள்ளீட்டையோ அளக்கும் நுட்பத்தையோ மாற்றினால் வருகிற விளைவு மதிப்பீட்டு மாற்றம், ஆனால் அது முந்தைய காலப் பிழையைத் திருத்துவதால் வந்ததாக இருந்தால் அல்ல என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பின்பாதியைப் படிக்காமல் முன்பாதியை மட்டும் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு.

இதே ஆலையில் கதையைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் கோடு எங்கே ஓடுகிறது என்பது இன்னும் தெளிவாகும். ஃபார்முலாவைச் சரியாகப் போட்டு மார்ச் 31இல் 1,290.7 டன் என்றே எழுதியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் சைலோ காலியானபோது 1,270 டன்தான் வந்தது, 21 டன் குறைவு. வழக்கமாக எடுக்கிற எல்லா இடத்திலும் மாதிரி எடுத்து மீட்டரில் பார்த்துத்தான் 14 என்று எழுதினார்கள். அக்னி நட்சத்திரத்தில் சைலோவுக்குள்ளேயே நெல் இன்னும் காய்ந்திருக்கிறது, மீட்டர் காட்டுவதிலும் முன்பின் இருக்கும். இது பிழை இல்லை. வித்தியாசம் முழுக்க 2025-26இல்தான் வரும். ஏப்ரல், மே வெயிலில் போன எடை அந்த வருஷத்தில் நடந்ததே, போன வருஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு மாற்றம். சைலோ நவம்பரில் இல்லாமல் ஜூலையிலேயே காலியாகிவிட்டது, கணக்கில் கையெழுத்து ஆகஸ்ட் 20இல். அப்படியென்றால் 21 டன் குறைவு என்கிற தகவல் கையெழுத்துப் போடும்போது ஆலைக்குத் தெரியும். அந்தக் குறைவில் எவ்வளவு மார்ச் 31லேயே இருந்த நிலைமையைக் காட்டுகிறது, எவ்வளவு பிறகு காய்ந்தது என்று பார்த்து, முதல் பங்கைப் போன வருஷக் கணக்கிலேயே சரிசெய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பங்கு பிழையாகிவிடும். நெல்லும் அதே, 21 டன்னும் அதே, தகவல் வந்த தேதி மட்டும்தான் மாறியிருக்கிறது. அதனால்தான் கோப்பில் தாள்களுக்குத் தேதி இருப்பது முக்கியம் என்கிறேன். தேதியில்லாத ஈரப்பதச் சீட்டை வைத்துக்கொண்டு பின்னாளில் எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

சரி, பிழை என்று முடிவாகிவிட்டது. என்ன செய்வது? இது கம்பெனி எந்தத் தரநிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, இங்கேதான் இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும், பட்டியலில் இல்லாவிட்டாலும் நிகர மதிப்பு 250 கோடியும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளும் இண்ட் ஏஎஸ் பக்கம். நம் ஆலை மாதிரியானவை பழைய ஏஎஸ் 5 பக்கம். பிழையைத் திருத்துவதில் இரண்டும் வெவ்வேறு வழி சொல்கின்றன.

ஏஎஸ் 5இன்படி பழைய வருஷ எண்களைத் திருத்தி எழுதுவதில்லை. 2025-26 லாப நட்டக் கணக்கில் 4.02 லட்சத்தை முந்தைய கால உருப்படி என்று தனி வரியாக, என்ன பிழை என்ற விவரத்தோடு காட்ட வேண்டும், இந்த வருஷ லாபத்தில் அதன் பாதிப்பு எவ்வளவு என்று படிப்பவருக்குத் தெரிகிற மாதிரி. நெல் செலவுக்குள் 1,290.7 டன்னின் 3 கோடியே 33 லட்சம் மட்டும் போகும். நடப்பு வருஷ லாபத்தைக் கண்டுபிடித்த பிறகு அதற்குக் கீழே இந்த வரியைக் காட்டுவதையும் ஏஎஸ் 5 அனுமதிக்கிறது.

தனி வரியாகக் காட்டுவதில் என்ன பெரிய வித்தியாசம், எப்படியும் இந்த வருஷ லாபத்தில்தானே குறைகிறது என்று கேட்கலாம். நெல் செலவுக்குள் புதைத்துவிட்டால் 2025-26இன் அரவையே மோசமாக நடந்தது மாதிரி கணக்கு பேசும், ஆபரேட்டர் திட்டு வாங்கிய கதை பேலன்ஸ் ஷீட் அளவில் திரும்ப நடக்கும். கடன் கொடுத்த வங்கி மேலாளர் இந்த வருஷ லாப விகிதம் குறைந்திருக்கிறதே என்று பார்ப்பார், உண்மையில் குறைந்தது போன வருஷத்துடையது. இருப்புப் பிழைக்கு இந்த ஒரு குணம் உண்டு: ஒரு வருஷம் லாபத்தை ஏற்றிக் காட்டும், அடுத்த வருஷம் அதே அளவு இறக்கிக் காட்டும், இரண்டு வருஷம் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடும். அதனால்தான் அது தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. சரியாவது கூட்டுத்தொகை மட்டும், தனித்தனியாக இரண்டு வருஷமும் தப்பாகவே நிற்கும்.

இதே ஆலை இண்ட் ஏஎஸ் பக்கம் இருந்திருந்தால் வேலை கூடுதல். பிழை பொருட்படுத்தத் தக்க அளவு என்று வைத்துக்கொண்டால், 2025-26 கணக்கில் பக்கத்தில் ஒப்பீட்டுக்காகக் காட்டுகிற 2024-25 எண்களையே திருத்திக் காட்ட வேண்டும். அங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 6 சதவீதக் கழிப்பு 2025இல் மட்டும் நடந்ததாக இருக்காது, கணக்குப்பிள்ளையின் பல வருஷ வழக்கமாக இருக்கும். பதிவேடுகளை எடுத்துப் பார்த்ததில் 2024 மார்ச் 31 இருப்பும் 3 லட்சம் கூடுதலாக இருந்தது என்று வைப்போம். அப்போது 2024-25இன் ஆரம்ப இருப்பும் தப்பு, முடிவு இருப்பும் தப்பு. ஆரம்ப இருப்பு 3 லட்சம் அதிகமாக இருந்ததால் அந்த வருஷ லாபம் அந்த அளவு குறைவாகத் தெரிந்தது, முடிவு இருப்பு 4.02 லட்சம் அதிகமாக இருந்ததால் அந்த அளவு கூடுதலாகத் தெரிந்தது. நிகரமாக 1.02 லட்சம்தான் கூடுதல். அறிவித்த லாபம் 60 லட்சம் என்றால் திருத்திய லாபம் 58.98 லட்சம். மிச்சம் 3 லட்சம் அதற்கும் முந்தைய வருஷங்களுடையது, அதை 2024 ஏப்ரல் 1 ஆரம்பக் கையிருப்பு லாபத்தில் குறைக்க வேண்டும். அந்தத் தேதி நிலைமையைப் பொருட்படுத்தத் தக்க அளவு பாதித்தால் 2024 ஏப்ரல் 1க்கான பேலன்ஸ் ஷீட்டையும் மூன்றாவதாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். 2025-26 லாபத்தில் இதனால் ஒரு ரூபாயும் குறையாது. வரி விளைவை இங்கே நான் தொடவில்லை, அது தனியாகச் சேரும்.

இப்படித் திருத்துவது போன வருஷம் பதிவாளரிடம் தாக்கல் செய்த கணக்கை மாற்றுவது ஆகாது. அந்தத் தாள் அப்படியே இருக்கும். இந்த வருஷத் தாளில் ஒப்பீட்டுப் பத்திதான் மாறும், மேலே திருத்தப்பட்டது என்று எழுதி, குறிப்பில் என்ன பிழை, எந்த வரியில் எவ்வளவு என்று சொல்லி. தாக்கல் செய்த பழைய கணக்கையே இயக்குநர்கள் மாற்ற நினைத்தால் அது கம்பெனிச் சட்டம் 131ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு செய்கிற வேறு காரியம்.

4 லட்சம் பொருட்படுத்தத் தக்கதா என்பதற்கு ஒரே விடை இல்லை. 60 லட்சம் லாபத்தில் அது ஆறரை சதவீதத்துக்கு மேல், ஏஎஸ் 5 பக்கத்தில் நான் அதைத் தனியாகக் காட்டச் சொல்வேன். இண்ட் ஏஎஸ் பக்கத்தில் 2024-25 லாபத்தில் பாதிப்பு 1.02 லட்சம், பேலன்ஸ் ஷீட்டில் 4.02 லட்சம், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக் கூடாது. சின்னத் தொகைதான், ஆனால் வங்கியின் நிபந்தனையைத் தாண்டிவிடக் கூடாது என்று தெரிந்தே விட்டது என்றால், சின்னது என்பது சாக்காகாது. வேண்டுமென்றே ஒரு தோற்றத்துக்காகச் செய்த பிழை இருந்தால், அது சிறியதாக இருந்தாலும் கணக்கு தரநிலைப்படி இல்லை என்றுதான் இண்ட் ஏஎஸ் 8 சொல்கிறது.

மதிப்பீட்டு மாற்றம் என்று பெயர் போட்டு உள்ளே பிழை ஒளிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்ப்பது திசையை. நேர்மையான கணிப்பு என்றால் நாலைந்து வருஷத்தில் ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். வருஷா வருஷம் நெல் குறைவாகவே வருகிறது, அதுவும் ஏறக்குறைய ஒரே சதவீதம் குறைகிறது என்றால் கணிப்புக்கு அடியில் ஏதோ ஒரு கணக்கு தப்பாக இருக்கிறது. நம் ஆலையில் அந்த ஒரு சதவீதம் 6க்கும் 6.98க்கும் உள்ள இடைவெளி. போன வருஷ மதிப்பீடுகள் நிஜத்தில் என்ன ஆயின என்று திரும்பிப் பார்ப்பது ஆடிட்டருக்குத் தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 540இன்படி கடமை. வித்தியாசம் வந்ததாலேயே போன வருஷக் கணக்கு தப்பு என்று ஆகிவிடாது என்பதையும் அதே தரநிலை சொல்கிறது.

அடுத்து வங்கிக்குக் கொடுத்த இருப்பு அறிக்கை. பெரும்பாலான ஆலைகள் நெல் இருப்பின் பேரில்தான் நடைமுறை மூலதனக் கடன் வாங்குகின்றன, மார்ச் 31 இருப்பு என்று வங்கிக்கு ஒரு எண் போயிருக்கும். அந்த எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நடப்புச் சொத்துகளின் பேரில் 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதன வரம்பு இருந்தால், காலாண்டு அறிக்கைகள் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று 2020ஆம் ஆண்டு கேரோ உத்தரவின் கீழ் ஆடிட்டர் தன் அறிக்கையிலேயே எழுத வேண்டும். ஆலை மேனேஜர் மீட்டரை வைத்து வங்கிக்கு 1,291 டன் என்று எழுதியிருக்க, கணக்குப்பிள்ளை புத்தகத்தில் 1,320 எழுதியிருந்தால், தகவல் கைவசம் இல்லை என்று யாரும் வாய் திறக்க முடியாது.

இதற்கெல்லாம் பிறகும் சில நேரம் கோடு மங்கலாகவே இருக்கும். கொள்கையா மதிப்பீடா என்று பிரிக்கவே முடியாத இடத்தில் மதிப்பீட்டு மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தரநிலை இறங்கி வருகிறது. ஆனால் அந்தச் சலுகை கொள்கைக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவில் மட்டும்தான். மதிப்பீடா பிழையா என்ற சந்தேகத்துக்கு அப்படி ஒரு சாய்வு எங்கேயும் இல்லை. அங்கே கோப்பைத் திறந்து, கையெழுத்துப் போட்ட தேதிக்கு முன்னால் என்னென்ன தாள் இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.